வேலையை விட்டு நீக்கிய பிறகு ‘விலகிய காரணம்’ கட்டத்தில் என்ன எழுதலாம்?

வேலை விண்ணப்பப் படிவத்தில் ‘முந்தைய பணியிலிருந்து விலகியதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு வரிக்கு மேல் இடம் இருக்காது. தானாக வேலையை விட்டவர் ‘கூடுதல் சம்பளம்’, ‘ஊர் மாற்றம்’ என்று எதையாவது எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். நிர்வாகமே நிறுத்திய ஒருவருக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும். உண்மையை எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மறைத்து எழுதி பிறகு தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம்.

காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருப்பதால் இந்தக் கட்டத்தை நிரப்பியவர்களின் எழுத்தை நிறையப் படித்திருக்கிறேன். அதை வைத்துத்தான், அங்கே எழுதக்கூடிய வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு என் சித்தப்பா மகளின் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவள் சம்மதித்திருக்கிறாள். கடையின் பெயர் இங்கே தேவையில்லை.

அவள் 2022 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை ஒரு ஜவுளிக்கடையில் இருப்புப் பதிவும் இணைய விற்பனையும் பார்த்தாள். கண்டாங்கிச் சேலை விற்கிற கடை. கைத்தறி என்பதால் ஒவ்வொரு சேலையையும் தனி எண் போட்டுப் படம் எடுத்து இணையப் பட்டியலில் ஏற்றுவார்கள். அதே சேலை கடையில் நேரடியாக விற்றுப்போனால் கவுண்டரிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும். சீட்டைப் பார்த்து அன்று மாலைக்குள் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அவள் எடுக்க வேண்டும். இரண்டு தடவை இது தாமதமாகி, விற்றுப்போன சேலைக்கே வெளியூரிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. இரண்டு தடவையும் மெமோ கொடுத்தார்கள். மூன்றாவதாக, ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டார் 14 சேலைகள் கேட்டிருந்தார்கள். அதில் 5 ஏற்கெனவே கடையில் விற்றுப்போயிருந்தன. மாற்றுச் சேலை கல்யாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அவளுக்குக் கடிதம் வந்தது: ‘பணியில் தொடர்ந்த கவனக்குறைவு’ என்று காரணம் சொல்லி, ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, பணியை முடித்திருந்தார்கள்.

அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. துண்டுச்சீட்டுகள் பல நாள் மறுநாள்தான் வந்தன. கூட இருந்த பெண் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்த்தாள். இந்த விஷயத்தின் சிக்கலே இதுதான். அவள் சொல்வதெல்லாம் உண்மை, முதலாளி எழுதியதும் பொய் இல்லை. யாரையும் குற்றம் சொல்லாமல் எழுத வேண்டும் என்றால் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அவள் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று மதுரையில் பல கிளைகள் உள்ள ஜவுளி நிறுவனத்தில் இருப்புப் பிரிவு. அங்கே அச்சடித்த படிவம், கையெழுத்து, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. இன்னொன்று தேவகோட்டையில் ஒரு கடை. அங்கே வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

பொதுவாக எல்லோரும் முதலில் நினைப்பது ‘சொந்தக் காரணம்’ அல்லது ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’. பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்திலிருந்தே கை பழகிய வார்த்தைகள் இவை. யாரையும் புண்படுத்தாது, யார் மேலும் பழி விழாது, எழுதவும் எளிது. இதை எழுதுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இந்த வழி வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும். மேலே சொன்ன விவரங்கள் உண்மை, தவறு என்று பின்னால் தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணியிலிருந்து நீக்கலாம் என்று அதற்கு அர்த்தம். கையெழுத்து அதன் கீழேதான் போடுகிறோம். முதல் நீக்கத்தை மறைக்கப் போய், இரண்டாவது நீக்கத்துக்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். முதல் முறை காரணம் கவனக்குறைவு. இரண்டாவது முறை காரணம் பொய்த் தகவல். கவனக்குறைவைத் திருத்திக்கொண்டேன் என்று சொல்ல முடியும். பொய்த் தகவலுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது நேர்காணல். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், “என்ன சூழ்நிலை? இப்ப சரியாயிருச்சா?” என்று கேட்பார்கள். கேட்பது இயல்பு. அப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கதை தேவைப்படும். பெண்களுக்கு இது இன்னும் மோசமாகப் போகும். கல்யாணமா, குழந்தையா, மாமியார் வீட்டில் தடையா, மறுபடியும் நின்றுவிடுவாரா என்று படிக்கிறவர் மனசுக்குள் கணக்குப் போடுவார். தன்னிடம் இல்லாத ஒரு குறையைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது, செட்டிநாட்டில் விசாரிக்கிற வழக்கம். இங்கே ஒருவரை வேலைக்கு வைப்பதற்கு முன்னால் பழைய முதலாளிக்கு ஒரு போன் போகாமல் இருக்காது. செக்காலை ரோட்டில் கடை வைத்திருப்பவருக்குக் கல்லுக்கட்டியில் இருப்பவரைத் தெரியும். தேவகோட்டைக் கடைக்காரருக்குக் காரைக்குடியில் சரக்கு எடுக்கிற இடம் தெரியும். “உங்ககிட்ட இருந்த பொண்ணு வந்திருக்கு, எப்படி?” என்று ஒரே ஒரு கேள்விதான். பதிலில் குடும்பச் சூழ்நிலை வராது.

சிலர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள், அல்லது ‘நேரில் தெரிவிக்கிறேன்’ என்று எழுதுவார்கள். முதலாளியே நேரில் உட்கார்ந்து ஆள் எடுக்கிற கடைகளில் இது செல்லும். தேவகோட்டை மாதிரி இடத்துக்கு மோசமில்லை. ஆனால் நூறு விண்ணப்பத்திலிருந்து பத்தைப் பொறுக்குகிற இடத்தில், நேரில் போகும் வாய்ப்பே அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் கிடைக்கும்.

அடுத்த வழி, உண்மையை ஒரே வரியில் எழுதுவது: ‘நிர்வாகத்தால் பணி முடிக்கப்பட்டது, செப்டம்பர் 2024.’ இதில் பொய் இல்லை, பழி இல்லை, புலம்பல் இல்லை. பழைய கடையில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ரொம்ப நாள் இதுதான் சிறந்தது என்று நானும் விண்ணப்பதாரர்களிடம் சொல்லி வந்தேன். ஆனால் இது எங்கே போதாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். படிக்கிறவர் இந்த வரியோடு நிற்க மாட்டார். ஏன் முடித்தார்கள் என்று மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். ஜவுளிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, பைனான்ஸ் என்று பணமும் சரக்கும் புழங்குகிற இடத்தில் ‘நிறுத்திட்டாங்க’ என்றாலே முதலில் தோன்றுவது கையாடல்தான். நடந்ததோ பட்டியலில் எண்ணை நீக்காத தாமதம். ஒரு வரியில் சுருக்கியதால் சின்னத் தவறு பெரிய சந்தேகமாக வளர்ந்துவிடும்.

அதனால் ஒரு வரி மட்டும் தனியாக நிற்கக் கூடாது. படிவத்தின் கட்டத்தில் அந்த வரியும், கூடவே ‘விவரம் இணைப்புக் கடிதத்தில்’ என்ற குறிப்பும் இருந்தால் சரியாக இருக்கும்.

அந்த ஒரு வரியிலும் ஒரு எச்சரிக்கை தேவை. ‘ஆட்குறைப்பு’, ‘ஒப்பந்தக் காலம் முடிந்தது’ என்ற சொற்களைச் சிலர் கௌரவமாக இருக்கும் என்று போடுவார்கள். இவை வேறு வேறு விஷயங்கள். வேலை இல்லை என்பதால் ஆளைக் குறைப்பது ஆட்குறைப்பு. அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருவரை எடுத்திருந்தால் அந்தச் சொல் நிற்காது. ஒப்பந்தம் என்றால் தாளைக் கேட்பார்கள். அதே மாதிரி, தேவையில்லாமல் தனக்கு எதிராகக் கனமான சொல்லைப் போடவும் கூடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41ஆவது பிரிவு இந்த இடத்தில் உதவும். தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக் கூடாது என்கிறது அது. விசாரணை நடத்தி, ஒழுங்கீனத்துக்குச் சான்று பதிவாகியிருந்தால் மட்டும் அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. சித்தப்பா மகளுக்கு விசாரணை நடக்கவில்லை, ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். ஆக அவளுடையது ஒழுங்கீனம் நிரூபணமாகி நீக்கிய வகை அல்ல. அவளோ முதல் நகலில் ‘ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கப்பட்டேன்’ என்று எழுதியிருந்தாள். கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதில் அந்தச் சொல்லே இல்லை. எழுதுவதற்கு முன்னால் பணிநீக்கக் கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் இருக்கிற சொல்லைவிடக் கனமாகவும் வேண்டாம், இலேசாகவும் வேண்டாம்.

இனி மிச்சம் இருப்பவை இரண்டு: முழுப் பக்கக் கடிதம், அல்லது மூன்று நான்கு வாக்கியத்தில் ஒரு பத்தி.

முழுப் பக்கம் எழுதத் தோன்றுவது ரொம்ப இயல்பு. மனசில் அவ்வளவு இருக்கிறது. அவள் எழுதிக்கொண்டு வந்ததும் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

“கவுண்டரில் இருப்பவர்கள் சீட்டைச் சரியான நேரத்துக்குக் கொடுப்பதே இல்லை. இதைப் பலமுறை சொல்லியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேர் பார்த்த வேலையை என் ஒருத்தி தலையில் கட்டினார்கள். இருந்தும் நான் குறை சொல்லாமல் பார்த்தேன். கடைசியில் என்னை மட்டும் திடீரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.”

இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. ஆனால் மதுரையில் இதைப் படிக்கிற ஒருவருக்குக் காரைக்குடிக் கடையின் கவுண்டரில் யார் இருந்தார்கள் என்று தெரியாது, அது தேவையும் இல்லை. அவர் ஒன்றைத்தான் யோசிப்பார்: நாளைக்கு நம் கடையில் ஒரு சிக்கல் வந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள்? ஒன்றரைப் பக்கத்தில் அவருக்குக் கிடைக்கிற பதில், மற்றவர்களைக் கை காட்டுவாள் என்பதுதான். உண்மையில் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கடிதம் அவளை அப்படிக் காட்டிவிடுகிறது.

அதை உட்கார்ந்து திருத்தினோம். பழி எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், பெரிய குற்றச்சாட்டுகளைவிடச் சின்னச் சின்ன ஒட்டுகளில்தான் அது அதிகம் இருக்கிறது. ‘கொடுப்பதே இல்லை’ என்பதில் வரும் ஏகாரம், ‘சொல்லியும்’ என்பதில் வரும் உம், ‘என்னை மட்டும்’, ‘திடீரென்று’, ‘தலையில் கட்டினார்கள்’, ‘இருந்தும்’. இவற்றை எடுத்துவிட்டால் தகவல் ஒன்றும் குறைவதில்லை. எடுத்த பிறகு மிஞ்சுவது இவ்வளவுதான்: சீட்டு மறுநாள் வந்தது, உடன் பணிபுரிந்தவர் விலகினார், பணி முடிக்கப்பட்டது. மூன்றும் நடந்தவை. மூன்றிலும் யாரும் குற்றவாளி இல்லை.

அப்புறம் அடுத்த கேள்வி. இந்த மூன்றில் எது கடிதத்தில் இருக்க வேண்டும்? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் பார்க்கிற அளவுகோல் இது: படிக்கிறவர் என்னை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இது அவருக்கு உதவுமா? உடன் பணிபுரிந்தவர் விலகியது உதவாது. சீட்டு மறுநாள் வந்தது பாதி உதவும். ஏனென்றால் அவள் இப்போது எந்த மாதிரி முறையில் வேலை செய்யப் பழகியிருக்கிறாள் என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. அதையும் ஆளைச் சொல்லாமல், வேலை நடந்த முறையைச் சொல்லி எழுத வேண்டும். ‘சீட்டைத் தாமதமாகக் கொடுத்தார்கள்’ என்றால் அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார். ‘விற்பனை விவரம் துண்டுச்சீட்டு வழியாக வரும் முறை இருந்தது’ என்றால் முறை மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது நகலில் அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள். “முழுக்க முழுக்க என் அலட்சியமே காரணம். இதற்காக மிகவும் வருந்துகிறேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் நன்றியுடன் இருப்பேன்.” யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்றதும் எல்லோரும் செய்வது இதுதான், பழி முழுவதையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வது. ‘யாரையும்’ என்பதில் எழுதுகிறவரும் அடக்கம். அலட்சியம் என்பது மனநிலையைச் சொல்கிற சொல். அவளுடைய பணிநீக்கக் கடிதத்தில் இருந்தது கவனக்குறைவு, அதுவும் ஒரு குறிப்பிட்ட வேலையில். ‘முழுக்க முழுக்க’ என்பது உண்மையும் இல்லை. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பணிநீக்கத்தை எதிர்த்து அதே 41ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அப்படி மேல்முறையீடு செய்திருப்பவர், அல்லது செய்யலாமா என்று யோசிப்பவர், இன்னொரு இடத்தில் ‘முழுவதும் என் தவறு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாள் பின்னால் அவருக்கு எதிராக வந்து நிற்கலாம். அப்படிப்பட்டவர்கள் காரணத்துக்குள்ளேயே போக வேண்டாம். ‘பணி முடிக்கப்பட்டது, அது குறித்த மேல்முறையீடு நிலுவையில் உள்ளது’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

“அண்ணே, அப்ப அவங்களையும் சொல்லக் கூடாது, என்னையும் சொல்லக் கூடாதுன்னா எதைத்தான் எழுதுறது?” என்று கேட்டாள். வேலையைச் சொல்ல வேண்டும். என்ன பொறுப்பு, அதில் எது நடக்கவில்லை, நிர்வாகம் என்ன முடிவெடுத்தது, அதற்குப் பிறகு என்ன செய்தாய், இந்த நான்குக்கும் ஒவ்வொரு வாக்கியம். கடைசியில் மதுரைக்கு அனுப்பிய பத்தி இது:

“2022 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் இருப்புப் பதிவும் இணைய விற்பனையும் கவனித்தேன். கடையில் விற்ற சேலைகளை இணையப் பட்டியலிலிருந்து அன்றன்றே நீக்குவது என் பொறுப்பு. அதில் மூன்று முறை தாமதம் ஏற்பட்டு, கடைசி முறை ஒரு திருமண ஆர்டர் பாதிக்கப்பட்டதால், நிர்வாகம் ஒரு மாதச் சம்பளம் வழங்கி என் பணியை முடித்தது. என் பொறுப்பில் இருந்த சரக்கும் கணக்கும் நிலுவையின்றி ஒப்படைக்கப்பட்டன, அதற்கான தாள் இணைத்துள்ளேன். அங்கு விற்பனை விவரம் துண்டுச்சீட்டு வழியாக வரும் முறை இருந்தது. அதன் பின் மூன்று மாதம் ஒரு சிறிய கடையில், பில் போடும்போதே இருப்பு கழியும் மென்பொருளில் வேலை செய்து பழகியிருக்கிறேன்.”

நான்கு என்று சொல்லி ஆறு வாக்கியம் ஆகிவிட்டது. பரவாயில்லை. இதில் மூன்று இடங்களைக் கவனிக்கச் சொல்வேன். ‘அன்றன்றே நீக்குவது என் பொறுப்பு’ என்பதில் அவள் தன் பங்கை ஏற்றுக்கொள்கிறாள், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு இவள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ‘நிலுவையின்றி ஒப்படைக்கப்பட்டன’ என்ற வாக்கியம், ஒரு வரி விட்டுவைத்த கையாடல் சந்தேகத்தை மூடிவிடுகிறது. ‘நான் பணம் எதுவும் எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் கேட்காத கேள்வியை நாமே எழுப்பியதாகும். தாளை இணைத்தால் அந்தச் சந்தேகம் பேசாமலே போய்விடும். மூன்றாவது, கடைசி வாக்கியம். ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்று வாக்குக் கொடுப்பதை எல்லோரும் செய்வார்கள், அதைச் சரிபார்க்க முடியாது. மென்பொருளில் மூன்று மாதம் வேலை பார்த்ததைச் சரிபார்க்க முடியும். அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம். இல்லாத பயிற்சியை எழுத வேண்டாம்.

இந்தப் பத்தியைச் சுயவிவரத்தில் போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சுயவிவரத்தில் வேலை, காலம், பொறுப்பு போதும், விலகிய காரணத்துக்கு அங்கே இடமே இல்லை. கேட்கிற இடத்தில் மட்டும்தான் பதில்.

தேவகோட்டைக்கு வேறு மாதிரி செய்தோம். அங்கே படிவம் கிடையாது, காரணத்துக்குத் தனிக் கட்டமும் கிடையாது. விண்ணப்பத்தில் காலத்தையும் வேலையையும் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வாக்கியம் மட்டும்: ‘இணையப் பட்டியலைப் புதுப்பிப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் நிர்வாகம் என் பணியை முடித்தது. விவரத்தை நேரில் சொல்கிறேன்.’ ஒற்றை வரியும் நேரில் சொல்வதும் சேர்ந்தது இது. முதலாளியே படித்து முதலாளியே பேசுகிற இடத்தில் ஆறு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதினால் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். ஆனால் தாமதம் எதில் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை விட்டால் மறுபடியும் அந்தக் கையாடல் சந்தேகம்தான் வரும்.

இரண்டு இடத்துக்கும் அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பழைய முதலாளியிடம் பேசுவது. வேலை கேட்கவோ நியாயம் கேட்கவோ அல்ல. “ஐயா, புது இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். உங்களைக் கேட்பாங்க. நான் இப்படி எழுதியிருக்கேன், நீங்க சொல்றதும் இதுவும் ஒத்துப்போகுமா?” என்று கேட்டு அந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். யோசித்து யோசித்து அனுப்பினாள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார், ஆர்டர் முழுவதும் ரத்தாகவில்லை, ஐந்து சேலைதான் தாமதம் என்று. அவருக்கு அனுப்பிய பத்தியில் ‘ரத்தானதால்’ என்று இருந்தது, ‘பாதிக்கப்பட்டதால்’ என்று மாறியது அப்படித்தான். குற்றம் சொல்லாமல் எழுதியதில் கிடைக்கிற நேரடியான பயன் இது. பழி இருக்கிற கடிதத்தைப் பழைய முதலாளிக்குக் காட்டவே முடியாது. காட்ட முடிகிற கடிதம் என்றால், சரிபார்ப்பு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தாலும் போன் வந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வரும். எல்லா முதலாளியும் இப்படிப் பதில் சொல்ல மாட்டார்கள். பேசவே முடியாத அளவுக்கு மனக்கசப்பு இருந்தால் பணிநீக்கக் கடிதத்தின் சொற்களையே பிடித்துக்கொண்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

பணம் தொடர்பான புகார், காவல் நிலையப் புகார், வேலையிடத்தில் பாலியல் தொல்லை, இப்படி ஏதாவது இருந்தால் இந்த ஆறு வாக்கிய வழி பொருந்தாது. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் சட்ட விளைவு உண்டு. தேதியையும் ‘பணி முடிக்கப்பட்டது’ என்பதையும் மட்டும் எழுதி, மீதியை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுத வேண்டும். தொல்லைக்கு ஆளானவர் குற்றம் சொல்லக் கூடாது என்று நினைத்து அதை மூடி மறைக்க வேண்டியதும் இல்லை. அதைச் சொல்கிற இடம் புகார்க் குழு. வேலை விண்ணப்பத்துக்கு அந்தச் சுமை தேவையில்லை.

கடைசியாகத் தேதி. 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற கடை என்பதால் அவளுக்குப் பி.எஃப். பிடித்தார்கள். புது நிறுவனம் பார்க்கக்கூடிய பதிவு அது. யூ.ஏ.என். கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். கவனக்குறைவு, மெமோ எதுவும் அதில் இருக்காது. ஆனால் கடிதத்தில் செப்டம்பர் என்றும் பதிவில் ஜூலை என்றும் இருந்தால், அல்லது விலகிய தேதியே ஏறாமல் இருந்தால், அங்கேதான் கேள்வி கிளம்பும். அவள் கணக்கில் தேதி ஏறவில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் ஊழியரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். பணிநீக்கக் கடிதத்தில் இருந்த அதே தேதியை ஏற்றிவிட்டு, பணி வரலாற்றுப் பக்கத்தை அச்செடுத்து, மதுரைக்குப் போகிற உறையில் அந்தப் பத்தியோடும் கணக்கு ஒப்படைத்த தாளோடும் வைத்தாள். தேவகோட்டைக்கு அந்த அச்சு வேண்டியிருக்கவில்லை.